புதியது என்று விற்கப்பட்ட தூசி சென்சார்: எண் வருவதை மட்டும் பார்த்து ஏற்றுக்கொள்ளாதீர்கள்

காற்றுச் சுத்திகரிப்பானைத் தானாக இயக்குவதற்காக இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் SDS011 தூசித் துகள் சென்சார் வாங்கினேன். புதியது என்று எழுதித் தந்துதான் விற்றார். ஆனால் காற்றை உள்ளிழுக்கும் சிறு விசிறியின் இறக்கைகளில் சாம்பல் நிறத் தூசி படிந்திருந்தது. மின்சாரம் கொடுத்ததும் தேய்ந்த பேரிங்கின் கரகரப்பு கேட்டது.

மாற்றித் தரும்படி கேட்டதற்கு, "டேட்டா சரியாக வருகிறதே, பிறகென்ன குறை?" என்று மறுத்துவிட்டார். இந்தப் பதிலில்தான் ஆபத்து இருக்கிறது. சென்சார் அனுப்பிய வரிசை இப்படித் தொடங்கியது:

```
AA C0 5A 00
PM2.5 = (00 × 256 + 5A) / 10 = 9.0
```

பதினாறடிமான எண்ணான 5A என்பது 90. ஆகவே, கன மீட்டருக்கு 9 மைக்ரோகிராம். வரிசையின் சரிபார்ப்புக் கூட்டலும் பொருந்தியது. ஆனால் அந்தக் கூட்டல், பைட்டுகள் வழியில் சிதையவில்லை என்பதற்கு மட்டுமே சான்று. லேசர் ஒளியின் குறுக்கே போதிய காற்று ஓடியதா என்பதை அது சொல்லாது. விசிறி தளர்ந்தால் ஒளியைக் கடக்கும் துகள்கள் குறைகின்றன, எண்ணும் பொதுவாகக் குறைகிறது. அதே அறையில், அதே நேரத்தில், அருகில் வைத்த நல்ல சென்சார் 41 காட்டியது. 35-ஐத் தாண்டினால் ஓடு, 15-க்குக் கீழே வந்தால் நில் என்று நான் எழுதியிருந்த விதிப்படி சுத்திகரிப்பான் ஓடியிருக்க வேண்டும். பழைய விசிறி சொன்ன 9-ஐ நம்பி அது நின்றே கிடந்தது.

வாங்கியவுடன் ஒரு சோதனை செய்யுங்கள். தீக்குச்சியை அணைத்து, அதன் புகையைக் காற்று நுழையும் துளைக்குச் சற்றுத் தொலைவில் காட்டுங்கள். நல்ல சென்சாரில் எண் சில நொடிகளில் எகிறி, புகை விலகியதும் விரைவாக இறங்கும். தேய்ந்ததில் ஏற்றமும் தயங்கும், இறக்கமும் இழுக்கும். பெட்டியைத் திறப்பதையும் இந்தச் சோதனையையும் காணொளியாக எடுத்து வைத்தால், பணத்தைத் திரும்பக் கேட்க அதுவே ஆதாரம்.

இதன் தரவுத்தாளில் குறிப்பிட்டுள்ள ஆயுள் 8000 மணி நேரம். இடைவிடாமல் ஓடினால் ஓராண்டுகூட நிறையாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, 30 நொடி விசிறியை ஓடவிட்டு, கடைசியில் வரும் அளவை மட்டும் எடுத்துக்கொண்டு மீண்டும் உறங்கும்படி அமைத்தால், ஓடும் நேரம் பத்தில் ஒரு பங்காகும். கட்டுப்பாட்டு நிரலில் இன்னொரு விதியும் வேண்டும்: நீண்ட நேரம் எண் அசையாமல் இருந்தாலோ, வரிசையே வராமல் போனாலோ, சுத்திகரிப்பானை நிறுத்தாமல் நடுத்தர வேகத்தில் ஓடவிட வேண்டும்.