ஒரு பொத்தானும் பழைய முதலாளியும்: ஒன்றரை வருட அனுபவம்

தண்டையார்பேட்டை நண்பன் ஒருவன் வேலை மாறுகிறான். பழைய இடத்தில் மனஸ்தாபம் வராமல் புது வேலையை லிங்க்ட்இன் தளத்தில் எப்படிப் போடுவது என்று நேற்று ராத்திரி கேட்டான். எல்லாரும் கோட்டு போட்ட படம் வைத்திருக்கிறார்களே, அந்தத் தொழில் தளம்தான். நான் அதில் கையைச் சுட்டுக்கொண்டு ஒன்றரை வருடம் ஆகிறது.

மண்ணடியில், சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித்தரும் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீசில் ஒன்பது வருடம் இருந்தேன். ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுசுக்கு நடந்தே போய்வருவேன். மாதவரத்தில் ஒரு ஃபார்வர்டிங் நிறுவனம் கூப்பிட்டது, ராஜினாமா கொடுத்தேன். நோட்டீஸ் காலத்தில் இன்னும் பன்னிரண்டு நாள் பாக்கி. ஒரு வியாழக்கிழமை இரவு, சும்மா இருக்க முடியாமல் ப்ரொஃபைலில் புது வேலையைச் சேர்த்தேன்.

அந்தப் படிவத்திலேயே "Notify network" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அது ஆன் ஆகியிருந்தால், சேமித்ததும் நம் தொடர்பில் இருப்பவர்களுக்குச் செய்தி போகும். எனக்கு ஆன் ஆகித்தான் இருந்தது. நான் பார்க்கவில்லை.

காலையில் முதலாளி கூப்பிட்டார். "என்னப்பா, இங்க உட்கார்ந்த நாற்காலி சூடு ஆறல, அதுக்குள்ள வேற கடை போர்டுல பேர் எழுதிட்டியா?"

அடித்துப் பிடித்து நீக்கினேன். நீக்கி என்ன பயன்? பார்த்தவர்கள் பார்த்தாயிற்று. அவருக்குக் கோபம் நான் போவதில் இல்லை. மூன்று பார்ட்டிகள் அன்று காலையே அவருக்கு ஃபோன் போட்டு, "எங்க பில் ஆஃப் என்ட்ரி இனிமே யாரு போடுவாங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். என் இடத்துக்கு யார் என்று முடிவு செய்தபின் தானே சொல்லலாம் என்று வைத்திருந்தார். அந்த வாய்ப்பை நான் பிடுங்கிவிட்டேன்.

சட்டப்படி பயப்பட வேண்டுமா என்று நண்பன் கேட்டான். போட்டி நிறுவனத்தில் இரண்டு வருடம் சேரக்கூடாது என்று என் நியமனக் கடிதத்தில் எழுதியிருந்தது. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி, வேலையை விட்டபின் அந்த மாதிரி தடை பொதுவாகச் செல்லாது. ஆனால் நோட்டீஸ் காலத்தில் நாம் இன்னும் அவர்கள் ஆள்தான், அப்போது அந்தத் தடை செல்லும். பார்ட்டி பட்டியலை எடுத்துப்போவதும், அவர்களை இழுப்பதும் வேறு கதை, அதற்கு வழக்கு வரலாம். அறிவிப்பில் மாட்டுவது பெரும்பாலும் இங்கேதான்.

அப்புறம் ஒழுங்காகச் செய்தேன். முதலாளியிடம் போய் மன்னிப்பு கேட்டு, பார்ட்டிகளிடம் என்ன சொல்லலாம் என்று அவரையே கேட்டேன். என் இடத்துக்கு வந்த தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து, பதினாலு பேருக்கு ஃபோனில் அறிமுகம் செய்தேன். கடைசி நாள் முடிந்து பத்து நாள் கழித்துத்தான் தளத்தைத் தொட்டேன். முதலில் பொத்தானை அணைத்துவிட்டுப் பழைய வேலைக்கு முடிவு மாதம் போட்டேன், பிறகு புது வேலையைச் சேர்த்தேன். அதன்பின் தனியாக ஒரு பதிவு எழுதினேன்.

"ஒன்பது வருடம் கிளியரன்ஸ் வேலை கற்றுக்கொடுத்த மண்ணடி ஆபீசுக்கு நன்றி. அங்கே என் பொறுப்புகளைச் சக ஊழியர் பார்த்துக்கொள்கிறார். நான் இந்த மாதம் முதல் மாதவரத்தில் ஃபார்வர்டிங் பிரிவில் இருக்கிறேன்." அவ்வளவுதான். பார்ட்டி பெயர் இல்லை, "தேவையென்றால் அழையுங்கள்" இல்லை, ஃபோன் நம்பரும் இல்லை.

இவ்வளவு பார்த்தும், கீழே பழைய பார்ட்டியான பாய் ஒருவர் பாசத்தோடு எழுதினார்: "மாஷா அல்லாஹ் தம்பி, அடுத்த கன்டெய்னர் உங்ககிட்டதான்!" எனக்கு வயிறு கலங்கிவிட்டது. நான் அதற்கு ஒரு "சரி பாய்" போட்டிருந்தால், ஆள் இழுக்கிறான் என்பதற்கு நானே கையெழுத்துப் போட்ட சாட்சி ஆகியிருக்கும். பதில் போடாமல் உடனே அவருக்கு ஃபோன் செய்து விஷயத்தைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே அவரே நீக்கினார். நீக்கியிருக்காவிட்டால் நானே நீக்கியிருப்பேன், நம் பதிவின் கீழுள்ள கருத்தை நாம் எடுக்கலாம். கருத்து யார் போடலாம் என்பதைப் பதிவிடும்போதே கட்டுப்படுத்தவும் வழி இருக்கிறது. அது எனக்கு அப்போது தெரியாது.

நியாயமாகச் சொன்னால், தளத்தின் மேல் பெரிய குறை இல்லை. கேட்டது எல்லாம் அங்கே இருக்கிறது. ஒன்பது வருடத்தில் என்னிடம் நாலு நல்ல வார்த்தை பேசாத முதலாளி அந்தப் பதிவுக்கு லைக் போட்டார், அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். ஆனாலும் நண்பனுக்கு நான் கொடுத்த மதிப்பெண் ஐந்துக்கு இரண்டுதான். அந்தப் பொத்தானை நினைத்தால் இன்னமும் எரிகிறது.