வரி ஒதுக்கும் பொதுக்காப்பும்: நிகர இலாபக் கோட்டின் இரு பக்கங்கள்

ஒதுக்கு, காப்பு ஆகிய இரண்டுமே இலாபத்திலிருந்து எடுத்து வைக்கப்படும் தொகைகள் என்று பலர் படித்திருப்பார்கள். இந்த அரைகுறை விளக்கம்தான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம் என்று நான் கருதுகிறேன். ஒதுக்கு இலாபத்திலிருந்து எடுக்கப்படுவதன்று. அதைக் கழிக்கும் வரை இலாபம் எவ்வளவு என்பதே தெரியாது. காப்போ, இலாபம் இவ்வளவு என்று முடிவான பிறகு, அதில் ஒரு பகுதியைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்காமல் நிறுத்தி வைப்பதாகும்.

சொற்களும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘ஒதுக்கு’, ‘காப்பு’ என்று சொல்பவற்றை இலங்கையில் முறையே ‘ஏற்பாடு’, ‘ஒதுக்கம்’ என்கிறார்கள். தமிழ்நாட்டு ‘ஒதுக்கு’க்கும் இலங்கை ‘ஒதுக்க’த்துக்கும் ஒலியில் சிறு வேறுபாடுதான் என்றாலும் பொருள் நேரெதிர் என்பதால், இரு இடத்து நூல்களையும் சேர்த்துப் படிப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். இங்கே தமிழ்நாட்டு வழக்கையே பின்பற்றுகிறேன்.

ஒரு தனியார் கம்பெனியின் வரிக்கு முந்தைய இலாபம் 50,00,000 ரூபாய் என்றும், வரிக்குரிய வருமானமும் அதே தொகை என்றும் வைத்துக்கொள்வோம். 22% சலுகை விகிதத்தைத் தேர்ந்தெடுத்த இந்திய உள்நாட்டுக் கம்பெனிக்குக் கூடுதல் வரியும் தீர்வையும் சேர்ந்து 25.168% ஆகிறது, ஆகவே வரி 12,58,400 ரூபாய். மார்ச் 31 அன்று வரி மதிப்பீடு முடிந்திருக்காது, இறுதித் தொகையும் உறுதியாகியிருக்காது. ஆனால் அந்த ஆண்டின் வருமானத்துக்கான வரிப் பொறுப்பு அந்த ஆண்டுக்கே உரியது. எனவே இலாப நட்டக் கணக்கைப் பற்று வைத்து, வரி ஒதுக்குக் கணக்கை வரவு வைக்கிறோம். மிஞ்சும் 37,41,600 ரூபாயே நிகர இலாபம்.

இதற்குப் பிறகுதான் பொதுக்காப்பு வருகிறது. இயக்குநர்கள் 5,00,000 ரூபாயைப் பொதுக்காப்புக்கு மாற்றினாலும் நிகர இலாபம் 37,41,600 ஆகவே இருக்கும். அதற்குள் ஒரு பகுதியின் பெயர் மட்டுமே மாறுகிறது. 1956ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் கீழ், பங்காதாயம் அறிவிக்கும் முன் அதன் விகிதத்துக்கேற்ப இலாபத்தில் 10% வரை காப்புக்கு மாற்றுவது கட்டாயமாக இருந்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதை இயக்குநர்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. வரி ஒதுக்கில் அப்படி விருப்பத்துக்கு இடமே இல்லை.

இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதை மாணவர்களின் பயிற்சித் தாள்களில் அடிக்கடி பார்க்கிறேன். வரி ஒதுக்கையும் பொதுக்காப்பையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, இலாபப் பகிர்வாகவே எழுதிவிடுகிறார்கள். கம்பெனியில் ஒரு இலட்சம் பங்குகள் இருந்தால், பங்கு ஒன்றுக்கான வருவாய் 37.42 ரூபாய்க்குப் பதிலாக 50 ரூபாய் என்று தெரியும். அரசுக்குச் சேர வேண்டிய பணம் பங்குதாரர்களின் வருவாயாக வேடம் போடுகிறது.

இருப்புநிலைக் குறிப்பிலும் இரண்டும் வெவ்வேறு இடத்தில் நிற்கின்றன. பொதுக்காப்பு, பங்குதாரர் நிதியில் ‘காப்புகளும் மிகுதியும்’ என்ற தலைப்பின்கீழ் வரும். வரி ஒதுக்கு ஒரு பொறுப்பு. முன்கூட்டியே 11,00,000 ரூபாய் வரி செலுத்தியிருந்தால், எஞ்சிய 1,58,400 ரூபாய் குறுகிய கால ஒதுக்குகளில் இடம்பெறும். பொதுக்காப்பில் 5,00,000 இருப்பதால் வங்கியில் அந்தப் பணம் தனியே கிடக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. அது சரக்காகவோ எந்திரமாகவோ எப்போதோ மாறியிருக்கலாம்.

நட்டம் வந்த ஆண்டில் வேறுபாடு இன்னும் தெளிவாகும். அந்த ஆண்டில் காப்புக்கு மாற்ற இலாபமே இருக்காது. ஆனால் வாராக்கடனுக்கான ஒதுக்கை அப்போதும் உருவாக்கியே ஆக வேண்டும், அதனால் நட்டம் கூடினாலும் சரி. செலவாக அனுமதிக்கப்படாத இனங்களைச் சட்டம் திரும்பச் சேர்ப்பதால், ஏட்டில் நட்டம் காட்டும் கம்பெனிக்கும் சில நேரம் வரி ஒதுக்கு தேவைப்படும்.

ஒதுக்கு ஒரு மதிப்பீடு என்பதால் அது தவறவும் கூடும். இறுதி வரி 12,20,000 ரூபாய் என முடிந்தால், மிகுதியான 38,400 ரூபாயை, அது முடிவான ஆண்டின் இலாப நட்டக் கணக்கில் முந்தைய ஆண்டு வரிச் சரிக்கட்டலாகத் திருப்ப வேண்டும். நேராகப் பொதுக்காப்பில் போடக் கூடாது. ஆனால் 12,58,400 போதும் என்று தெரிந்தே 18,00,000 ஒதுக்கினால், கூடுதலான 5,41,600 ரூபாய் பெயரளவில் ஒதுக்காகவும் உண்மையில் மறைவான காப்பாகவும் இருக்கும். நியாயமான தேவைக்கு மேற்பட்ட ஒதுக்கைக் காப்பாகவே கருத வேண்டும் என்று பழைய சட்டத்தின் ஆறாம் அட்டவணை வெளிப்படையாகவே சொன்னது. வெளியிலிருந்து படிப்பவர் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: வரி ஒதுக்கை வரிக்கு முந்தைய இலாபத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். 25% அளவில் இருக்க வேண்டிய விகிதம் 36% என்று வந்து, அனுமதிக்கப்படாத செலவு போன்ற காரணம் எதுவும் குறிப்புகளில் இல்லையென்றால், அந்த இடைவெளிக்கு நிர்வாகத்திடம் விளக்கம் கேட்க வேண்டும்.