மைனஸ் 4 கண்ணாடியும் 50 மி.மீ. லென்ஸும்: சேர்த்துப் பழகிய அனுபவம்

எனக்கு மைனஸ் 4, இரண்டு கண்ணிலும். 16 வயதில் போட்ட கண்ணாடி, இப்போது 43. கேமராவில் 11 வருடமாக ஒரே லென்ஸ்: 50 மி.மீ., கையால் வளையம் திருப்பி ஃபோகஸ் செய்கிற பழைய ரகம். இத்தனை காலம் இரண்டையும் பயன்படுத்தியும், கண்ணாடி என்ன வேலை செய்கிறது என்று எனக்குச் சரியாகப் புரிந்தது லென்ஸை வைத்துத்தான்.

முதலில் லென்ஸ். மிகத் தொலைவில் உள்ள ஒன்றிலிருந்து வரும் ஒளியை அது தனக்குப் பின்னால் 50 மி.மீ. தூரத்தில் ஒரு புள்ளியாகச் சேர்க்கிறது. சென்சார் அங்கே இருந்தால் படம் கூர்மை. ஒரு மீட்டரில் நிற்பவரை எடுக்கும்போது ஒளி சேரும் இடம் 52.6 மி.மீட்டருக்குத் தள்ளிப் போகிறது. அதனால் வளையத்தைத் திருப்பி லென்ஸை 2.6 மி.மீ. முன்னால் நகர்த்துகிறோம். ஃபோகஸ் என்பது இவ்வளவுதான்.

கண்ணில் எதுவும் முன்பின் நகராது. ஒளியை வளைப்பதில் மூன்றில் இரண்டு பங்கைக் கருவிழியே முடித்துவிடுகிறது. உள்ளே இருக்கும் லென்ஸ், அருகில் பார்க்கும்போது உப்பி மீதியைச் சரிசெய்கிறது. பின்னால் விழித்திரை. முன்னிருந்து பின்வரை சுமார் 24 மி.மீ. இந்த நீளம் ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடினாலே பவர் மைனஸ் இரண்டரை, மூன்று என்று போய்விடும். ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே சேர்ந்துவிடும். அதுதான் கிட்டப்பார்வை.

இதைக் கேமராவில் செய்து பார்க்கலாம். பூச்சிகளை எடுக்க 10 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் ஒன்று வைத்திருக்கிறேன். உள்ளே லென்ஸ் எதுவும் இல்லாத வெறும் குழாய். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டினால் லென்ஸ் சென்சாரிலிருந்து தள்ளி நிற்கும். அதாவது கேமராவின் 'கண்' நீண்டுவிட்டது. மாட்டிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தேன். வெளியே எல்லாம் வெறும் வண்ணக் குழம்பு. வளையத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் தெளியவில்லை. லென்ஸுக்கு முன்னால் சுமார் 30 செ.மீட்டருக்குள் இருப்பது மட்டும்தான் கூர்மை. நான் கண்ணாடியைக் கழற்றினால் எனக்கும் இதே கதை, 25 செ.மீ. வரைதான். 100 செ.மீட்டரைப் பவரால் வகுத்தால் இந்தத் தூரம் வந்துவிடும். உங்கள் பவரை வைத்துக் கணக்குப் போட்டு, கண்ணாடி இல்லாமல் புத்தகத்தை மெல்ல விலக்கிப் பாருங்கள். எழுத்து கலங்கத் தொடங்கும் இடம் ஏறக்குறைய அதுவாக இருக்கும்.

அப்புறம் என் கண்ணாடியைக் கழற்றி அந்த லென்ஸுக்கு முன்னால் பிடித்தேன். வளையத்தைத் துளி திருப்பியதும் எதிரே இருந்த மரத்தின் இலைகள் தனித்தனியாகத் தெரிந்தன. அன்றைக்குத்தான் உறைத்தது: கண்ணாடி என் கண்ணைச் சரிசெய்யவே இல்லை. மைனஸ் 4 குழிலென்ஸ், வெகு தொலைவில் உள்ளதன் பிம்பத்தை 25 செ.மீ. தூரத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. நிலாவைப் பார்க்கிறேன் என்று நினைத்தபோதெல்லாம், என் கண் பார்த்தது கைக்கெட்டும் தூரத்தில் இருந்த அதன் பிம்பத்தை.

"வளையத்தைத் துளி திருப்பியதும்" என்றேனே, அதிலும் விஷயம் இருக்கிறது. கண்ணாடிக்கும் லென்ஸின் நடுப்பகுதிக்கும் இடையே 3 செ.மீ. இருந்தது. பிம்பம் கண்ணாடியிலிருந்து 25 என்றால் கேமராவின் கணக்கில் 28. அந்தக் கேமராவுக்கு 30 இருந்தாலே போதும், ஆக என் கண்ணாடி அதற்குக் கொஞ்சம் அதிகப் பவர். மீதியை வளையம் ஈடுகட்டியது. தேவைக்கு மேல் மைனஸ் எழுதப்பட்ட கண்ணாடியை இளவயதுக்காரர் போட்டாலும் இப்படித்தான்: தெளிவாகவே தெரியும், ஆனால் கண் நாள் முழுக்க வளையம் திருப்பிக்கொண்டே இருக்கும். ஒருமுறை எனக்கு அப்படி ஒரு கண்ணாடி வந்தது. எழுத்தெல்லாம் கன்னங்கரேலென்று கூர்மையாக இருந்ததால் ரொம்ப நல்ல கண்ணாடி என்றே நினைத்தேன். சாயங்காலத் தலைவலிக்குக் காரணம் அதுதான் என்று புரிய மூன்று வாரம் ஆனது.

தூரப்பார்வைக்கு வருகிறேன். இதன் பெயரே ஆளை ஏமாற்றும், ஏதோ தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரிகிற வரம் போல. என் அக்காவுக்குப் பிளஸ் 2. சின்ன வயதில் கண் பரிசோதனையில் கடைசி வரி வரை படித்துவிடுவாள், ஆனால் அரை மணி நேரம் படித்தால் நெற்றியைப் பிடித்துக்கொள்வாள். அவள் கண்ணுக்கு இணையான கேமராவும் என்னிடம் இருந்தது, தெரியாமலே. பழைய லென்ஸை மாட்ட வாங்கிய முதல் அடாப்டர் கால் மில்லிமீட்டர் மெல்லியது. லென்ஸ் சென்சாருக்கு அந்த அளவு நெருங்கி, கேமராவின் 'கண்' குட்டையாகிவிட்டதால், வளையத்தில் 10 மீட்டர் என்று இருக்கும் குறியில் வைத்தால்தான் அடிவானம் தெளிந்தது. முடிவிலிக் குறியில் வைத்தால் கலங்கல். தூரத்துக்கே வளையத்தில் கொஞ்சம் செலவாகிவிடுவதால் அருகில் போகும்போது அந்த அளவு குறைகிறது. அக்காவின் கண்ணும் வெறுமனே தூரத்தைப் பார்க்கவே, பவரின் அலகான டயாப்டர் கணக்கில், 2 உழைத்தது. புத்தகம் எடுத்தால் அதன் மேல் இன்னொரு 3.

இரண்டு கண்ணாடியையும் வெயிலில் பிடித்தால் குணம் தெரிந்துவிடும். அக்காவின் குவிலென்ஸ் அரை மீட்டர் தள்ளி சுவரில் சூரியனைச் சின்ன வெளிச்சப் பொட்டாகச் சேர்க்கும். என்னுடையது எங்கே பிடித்தாலும் நடுவில் மங்கல், சுற்றிலும் பளிச்சென்று ஒரு விளிம்பு. மூக்கில் சரிந்தால் பிளஸ்ஸின் பலம் கூடும், மைனஸ்ஸின் பலம் குறையும். அதனால்தான் தூரத்தைப் பார்க்க நான் என் கண்ணாடியை மேலே தள்ளுகிறேன்.

கேமராவும் கண்ணாடியும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். வியூஃபைண்டர் பக்கத்தில் சின்னச் சக்கரம் ஒன்று இருக்கும். அது உங்கள் கண் பவருக்கானது, படத்துக்குச் சம்பந்தமே இல்லை. அக்கா ஒருநாள் கேமராவை வாங்கிப் பார்த்தபோது தனக்கு ஏற்றபடி அதைத் திருப்பியிருக்கிறாள். எனக்குத் தெரியாது. மறுநாள் எல்லாம் மங்கல், லென்ஸ் போச்சு என்று பயந்தே போனேன். கண்டுபிடிக்க வழி சுலபம்: வியூஃபைண்டருக்குள் தெரியும் எண்களையும் கோடுகளையும் பாருங்கள். காட்சியோடு அவையும் மங்கினால் சக்கரம்தான் காரணம். எண்கள் கூர்மையாக இருந்து காட்சி மட்டும் மங்கினால் ஃபோகஸ். என் கேமராவில் இந்தச் சக்கரம் மைனஸ் 3 வரைதான் போகும், ஆகவே கண்ணாடி இல்லாமல் எடுக்கும் ஆசையை விட்டுவிட்டேன். ரப்பர் விளிம்பில் உரசி கண்ணாடியின் வலது பக்கம் கீறல் விழுந்ததுதான் மிச்சம்.

போன வருடத்திலிருந்து வெள்ளெழுத்தும் சேர்ந்துகொண்டது. கண்ணின் லென்ஸ் இறுகி, உப்பும் திறன் குறைகிற வயது. வளையம் சிக்கிக்கொண்ட மாதிரி. கண்ணாடியோடு கேமராவின் பின்திரையைப் பார்த்தால் எழுத்து ஓடுகிறது. நெற்றிக்கு ஏற்றிவிட்டு 25 செ.மீ.யில் பிடித்தால் ஒவ்வொரு புள்ளியும் தெரிகிறது. அக்காவுக்கு அந்த வசதி இல்லை. படம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, இப்போதெல்லாம் அவள் கேமராவை என்னிடம்தான் நீட்டுகிறாள்.