கழுகுத் தலையா, 916-ஆ? படத்தை வைத்து இரண்டு சங்கிலிகள்

திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் சித்தி மகள் இரண்டு சங்கிலிகளைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். ஒன்று 2018-இல் கடலூரில் வாங்கிய மூன்று பவுன் சங்கிலி. இன்னொன்று புதுச்சேரியில் அவள் மாமியார் வழியில் வந்தது. அது சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் குடும்பம்; நகை பிரான்சில் வாங்கியது. எடை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்றைத் தினமும் போட்டுக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிட்டு வளையல் எடுக்க நினைக்கிறாள். "எது நல்ல தங்கம், எதுக்கு ரிப்பேர் வேணும், பாத்துச் சொல்லுங்கண்ணா" என்று கேட்டிருந்தாள்.

முதலில் வந்த படங்கள் எதற்கும் உதவவில்லை. மஞ்சள் பல்புக்குக் கீழே எடுத்தால் 18 காரட்கூட 22 காரட் போலத்தான் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாள்மேல், இரண்டையும் ஒரே படத்தில் வைத்து எடுக்கச் சொன்னேன். நிறத்தை ஒப்பிட அந்த ஒரு படம் போதும். முத்திரைக்கு வேறு வழி வேண்டும். போனை ரொம்பக் கிட்டே கொண்டுபோனால் நிழல் விழுந்து மங்கிவிடும். கொஞ்சம் தள்ளி வைத்து இரண்டு மடங்கு பெரிதாக்கி, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்வாக விழும்படி எடுத்தால் பள்ளங்கள் தெளியும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் கையில் இருந்தால் அதைக் கேமராமேல் வைத்து எடுக்கலாம்.

கடலூர்ச் சங்கிலியின் கொக்கியில் நான்கு குறிகள் இருந்தன. பிஐஎஸ் முக்கோணம், 22K916, சோதனை மையத்தின் குறி, கடையின் குறி. 2021 ஜூலைக்கு முன் ஹால்மார்க் செய்த நகை இப்படித்தான் இருக்கும். அதற்குப் பிறகு வந்தவற்றில் முக்கோணம், காரட், ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த HUID என்று மூன்று குறிகள். அந்த ஆறையும் BIS Care செயலியில் தட்டினால் என்ன நகை, எந்தக் கடை, எங்கே சோதித்தார்கள் என்பதெல்லாம் வரும். அட்டிகைக்கான எண்ணைச் சங்கிலியில் பொறித்திருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும். இந்தச் சங்கிலிக்கு அந்த வசதி இல்லை. பழைய முத்திரை பொய் என்று இதற்கு அர்த்தமில்லை, வீட்டில் உட்கார்ந்து சரிபார்க்க வழியில்லை, அவ்வளவுதான்.

பிரெஞ்சுச் சங்கிலியில் எண் ஏதும் இல்லை. வளையப் பூட்டின் ஓரத்தில் கடுகளவில் ஒரு கழுகுத் தலை. பிரான்சில் 1838 முதல் தங்கத்துக்கு அடிக்கும் குறி அது. ஆயிரத்தில் குறைந்தது 750 பங்கு தங்கம், அதாவது 18 காரட். பக்கத்திலேயே செய்தவரின் குறி, சாய்சதுரக் கட்டத்துக்குள். இந்தக் கட்டத்தின் வடிவத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தங்க முலாம் நகை என்றால் செய்தவரின் குறி நேர்ச்சதுரத்துக்குள் இருக்கும். புதுச்சேரியில் சில வீடுகளில் 'பாரிஸ் நகை' என்று பெட்டியில் பூட்டி வைத்திருப்பதில் நேர்ச்சதுரக்காரர்களும் உண்டு. ஆந்தை உருவம் இருந்தால் வெளிநாட்டில் செய்து பிரான்சுக்குள் வந்தது, அல்லது எங்கே செய்தது என்று தெரியாதது என்று பொருள்.

இதுவரை பார்த்தால் கடலூர்ச் சங்கிலிதான் ஜெயிக்கிறது, 916 எங்கே, 750 எங்கே. ஆனால் முத்திரை எந்தத் துண்டின்மேல் இருக்கிறது? இரண்டிலும் பூட்டின்மேல். சங்கிலியில் அடிக்கடி மாற்றப்படுவதும் அதே பூட்டுதான். அதனால் முத்திரையைத் தனியாகப் படிக்காமல், தேய்மானத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

தேய்மானத்துக்கு அளவுகோல்கூடத் தேவையில்லை. ஒரு கண்ணியைப் பக்கவாட்டில் தள்ளி, அடுத்த கண்ணி உரசும் வளைவு தெரியும்படி நேர் மேலிருந்து படம் எடுக்க வேண்டும். திரையில் பெரிதாக்கி, உரசாத பக்கத்துக் கம்பியின் தடிமனையும் உரசும் வளைவின் தடிமனையும் ஸ்கேலால் அளந்து, விகிதத்தைப் பார்த்தால் போதும். பாதிக்குக் கிட்டே வந்துவிட்டால் அந்தக் கண்ணி எப்போது வேண்டுமானாலும் அறும். மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் கவனமாகப் போட்டுக்கொள்ளலாம். படம் சாய்ந்து எடுக்கப்பட்டிருந்தால் கணக்கு தப்பும், ஆகவே ஒரே கண்ணியை இரண்டு தடவை எடுத்துப் பார்ப்பது நல்லது.

கடலூர்ச் சங்கிலியில் கொக்கியை ஒட்டிய வளையம்: திரையில் பக்கம் 14 மில்லிமீட்டர், உரசும் வளைவு 7. சரிபாதி. ஆனால் அந்த வளையத்தில் மாட்டியிருக்கும் கொக்கியின் துளையில் பள்ளமே இல்லை, விளிம்பெல்லாம் கூராக இருக்கிறது. ஒன்றோடொன்று உரசுகிற இரண்டு துண்டுகளில் ஒன்று மட்டும் தேயாது. கேட்டேன். "ஆமாண்ணா, கொக்கி நடுவுல ஒரு தடவ மாத்துனது" என்றாள். அப்படியானால் 22K916 என்பது கொக்கியைப் பற்றிய சாட்சி. சங்கிலி 22 காரட்டாகவே இருக்கலாம், ஆனால் அதை அந்த முத்திரை சொல்லவில்லை.

பிரெஞ்சுச் சங்கிலியில் கழுகுத் தலை பூட்டில் மட்டுமல்ல, கடைசி வளையத்திலும் இருந்தது. இரண்டு இடத்திலும் கழுகின் அலகு ஒரே அளவு மழுங்கியிருந்தது. வளையமும் பூட்டும் ஒன்றாகவே வயதாகியிருக்கின்றன. கண்ணிகளின் மேட்டில் செம்பு நிறமோ வெள்ளை நிறமோ எட்டிப் பார்க்கவில்லை, முலாமாக இருந்தால் முதலில் அங்கேதான் உரிந்திருக்கும். வளைவுகள் பக்கத்தின் முக்கால் பங்குக்கு மேல் இருந்தன. 18 காரட் கடினம், 22 காரட் மிருது, அதனால் இதில் வியப்பில்லை. பழுது ஒன்றே ஒன்று: பூட்டின் நாக்கு முழுக்க மூடாமல் மயிரிழை இடைவெளி விடுகிறது. உள்ளே இருக்கும் எஃகுச் சுருள் தளர்ந்துவிட்டது.

படத்தை மட்டும் வைத்து எதை நம்பலாம் என்றால் என் ஓட்டு பிரெஞ்சுச் சங்கிலிக்கு. எதில் தங்கம் அதிகம் என்பது வேறு கேள்வி, அதற்குப் படம் போதாது. கடலூர்ச் சங்கிலியைச் சோதனை மையத்துக்குக் கொண்டுபோகச் சொன்னேன், கொக்கியை விட்டுவிட்டு நடுக் கண்ணிகளில் மூன்று இடம் பார்க்கச் சொல்லி. காரட் மீட்டர் மேற்பரப்பைத்தான் படிக்கும் என்பதால், நன்றாகத் தேய்ந்த ஒரு வளைவும் அதில் இருக்க வேண்டும். கண்ணிகள் 91.5-ஐ ஒட்டி வந்தன. பற்றவைத்த ஓர் இடம் மட்டும் 88, அது பற்றவைக்க வைக்கும் பொடியின் வேலை. பில்லில் 24 கிராம், இன்றைய எடை 23.4. ஆக, சுத்தத் தங்கம் ஏறக்குறைய 21.4 கிராம். 24.1 கிராம் இருக்கும் பிரெஞ்சுச் சங்கிலியில் சுமார் 18.

கொடுத்து மாற்றுவதற்குக் கடலூர்ச் சங்கிலியே சரி, கையில் வருவது அதிகம், தேய்ந்த வளையங்களுக்குச் செலவும் மிச்சம். அதையே போட்டுக்கொள்ள ஆசை என்றால் பாதியாகத் தேய்ந்த வளையங்களை மட்டும் பத்தரிடம் மாற்றினால் போதும். ஈயம் வைத்து ஒட்ட விடக்கூடாது. சாம்பல் நிறக் கட்டியாகத் தெரிவதோடு பிறகு உருக்கும்போது தங்கத்தையே உடையச் செய்துவிடும்.

பிரெஞ்சுச் சங்கிலிக்கு 18 காரட்டில் புதுப் பூட்டு வேண்டும். பூட்டின்மேல் நெருப்பு காட்டினால் உள்ளே இருக்கும் சுருள் கெடும், ஆகவே பத்தர் வளையத்தைப் பற்றவைத்து முடித்த பிறகுதான் பூட்டை மாட்ட வேண்டும். 750 என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் 22 காரட்டுக்கான பொடியை வைத்துவிடுவார், மஞ்சள் திட்டு தனியாகத் தெரியும். கழற்றிய பூட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். கடைசி வளையத்துக் கழுகுக்கு ஜோடி அதில்தான் இருக்கிறது.