காலையில் பறக்கும், மாலையில் தவழும்: ஒரு பிரவுசருடன் எட்டு மாதம்

என் லேப்டாப் பழையது. 8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அதில் இரண்டு பிரவுசர்கள் உண்டு. நாள் முழுக்க வேலை பார்ப்பது குரோமியம் எஞ்சினில் ஓடும் ஒன்றில். இன்னொன்று பயர்பாக்ஸ், பேங்க் வேலைக்கு மட்டும். எட்டு மாதத்துக்கு முன் முதல் பிரவுசர் படுத்துவிட்டது. பக்கத்தை உருட்டினால் விட்டுவிட்டு நகரும். தமிழில் டைப் அடித்தால் எழுத்து அரை வினாடி கழித்து வரும். பயர்பாக்ஸ் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

எல்லோரும் சொல்வதுபோல முதலில் கேஷை அழித்தேன். அவசரத்தில் குக்கீயையும் சேர்த்து டிக் செய்துவிட்டதால் எல்லாத் தளங்களிலிருந்தும் லாகவுட் ஆனதுதான் மிச்சம். படங்களையெல்லாம் மறுபடி இறக்க வேண்டியிருந்ததால் பக்கங்கள் முதல் தடவை இன்னும் மெதுவாகவே திறந்தன. கேஷ் நிறைந்தால் பழையதைப் பிரவுசரே தள்ளிவிடும். ஒரு தளம் பழைய வடிவத்திலேயே தெரிகிறது, பாதி உடைந்து திறக்கிறது என்றால் அழிக்கலாம். உருட்டும்போது திணறினால் அதன் மேல் சந்தேகப்படக் காரணம் குறைவு.

அடுத்தது டேப்கள். அறுபதுக்கு மேல் திறந்திருந்தேன், ஒப்புக்கொள்கிறேன். Shift+Esc அழுத்தினால் பிரவுசருக்கென்றே உள்ள டாஸ்க் மேனேஜர் வரும். எந்த டேப் எவ்வளவு மெமரி, எவ்வளவு சிபியு தின்கிறது என்று அதில் வரிசையாகத் தெரியும். ஒரு ஷாப்பிங் தளம் பின்னணியில் சும்மா கிடந்தபடியே சிபியுவைக் கடித்துக்கொண்டிருந்தது. அதை மூடியதும் ஃபேன் சத்தம் அடங்கியது, ஆனால் உருட்டும்போது வரும் திணறல் போகவில்லை. அப்போதுதான் ஒன்று உறைத்தது. பயர்பாக்ஸில் நான் திறந்திருந்தது இரண்டே டேப். காலி பஸ்ஸையும் கூட்டமான பஸ்ஸையும் ஓட்டப்பந்தயம் விட்டிருக்கிறேன்! முதல் பிரவுசரிலும் எல்லாவற்றையும் மூடி இரண்டு டேப் மட்டும் வைத்துப் பார்த்தேன். அப்போதும் திணறியது. இன்காக்னிடோவிலும் அதே கதை. அங்கே எக்ஸ்டென்ஷன்கள் பொதுவாக ஓடாது, பழைய கேஷும் வராது. எனவே அந்த இரண்டும் கணக்கிலிருந்து கழிந்தன.

துப்பு வேறு இடத்தில் இருந்தது. காலையில் பிரவுசரைத் திறந்ததும் நன்றாகவே ஓடும். நடுவில் எப்போதாவது திரை ஒரு கணம் கறுத்து மீளும், அதற்குப் பிறகுதான் தவழ ஆரம்பிக்கும். முழுதாக மூடித் திறந்தால் மறுபடி சரியாகும். முகவரிப் பட்டையில் இதை அடித்துப் பார்த்தேன்:

```
chrome://gpu
```

காலையில் பெரும்பாலான வரிகளில் Hardware accelerated என்று பச்சையில் இருந்தது. மாலையில் அதே வரிகளில் Software only. கீழே Log Messages பகுதியில் GPU process exited unexpectedly என்று பல தடவை. அதாவது திரையில் படம் வரையும் வேலையைக் கிராபிக்ஸ் சிப்பிடம் கொடுக்கும் ஜிபியு பிராசஸ் திரும்பத் திரும்ப விழுந்திருக்கிறது. சில தடவை விழுந்ததும் பிரவுசர் சிப்பை நம்பாமல் எல்லாவற்றையும் சிபியுவின் தலையில் கட்டிவிடும். மூடித் திறந்தால் அந்த முடிவு மறந்துபோகும், அதனால்தான் காலையில் மட்டும் வேகம். பயர்பாக்ஸின் எஞ்சின் வேறு, சிப்பை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவரிடம் அது கேட்கும் விதமும் வேறு. அதே கோளாறில் அது சிக்கவில்லை.

செட்டிங்ஸில் Use graphics acceleration when available என்பதை அணைத்துவிடச் சொல்பவர்கள் நிறைய. நானும் அணைத்து ஒரு வாரம் ஓட்டினேன். திரை கறுப்பது நின்றது. ஆனால் மாலையில் வந்த மந்தம் காலையிலேயே வந்துவிட்டது, வீடியோ ஓடினால் ஃபேன் அலறியது. கோளாறு எங்கே என்று பார்க்க அது நல்ல சோதனை, என் சிப்புக்கு அது வைத்தியம் இல்லை.

பிரச்சினை தொடங்கியதற்குச் சில நாள் முன்தான் விண்டோஸ் அப்டேட் கிராபிக்ஸ் டிரைவரை மாற்றியிருந்தது. லேப்டாப் கம்பெனி தளத்தில் என் மாடலுக்கென்று இருந்த டிரைவரை இறக்கிப் போட்டேன், ஆக்சிலரேஷனைத் திரும்ப ஆன் செய்தேன். அன்று மாலை chrome://gpu பச்சையாகவே இருந்தது. கூடவே, சும்மா கிடக்கும் டேப்களை மெமரியிலிருந்து இறக்கிவிடும் Memory Saver-ஐயும் ஆன் செய்தேன். ரொம்ப நேரம் தொடாத டேப்புக்குத் திரும்பினால் பக்கம் மறுபடி லோட் ஆகும், அந்த எரிச்சலுக்கு இன்னும் பழகவில்லை. டேப்களும் நாற்பதுக்குக் கீழே இறங்கவில்லை.

ஐந்தாவது மாதம் திரை மறுபடி கறுத்தது. வேறெதையும் தொடாமல் நேரே டிவைஸ் மேனேஜருக்குப் போனேன். Display adapters-இல் டிரைவரின் தேதி மாறியிருந்தது, அப்டேட் மறுபடி கைவைத்திருக்கிறது. Roll Back Driver பட்டனை அழுத்தி, ஒரு ரீஸ்டார்ட். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது.