மூடாக்கு போட்ட பிறகு தண்ணீர் பாய்ச்சுவதை மாற்றினீர்களா? பல பருவ அனுபவம்

செடிகளுக்கு இடையே வெயில் நேராக விழும் வெற்று மண்ணை வைக்கோல், சருகு, காய்ந்த புல், மரச்சில்லு என்று கிடைப்பதைக் கொண்டு மூடிவைப்பதுதான் மூடாக்கு. காய்கறிப் பாத்திகளில் பல பருவங்களாக வைக்கோலும் சருகும் போட்டு வருகிறேன். தண்ணீர் மிச்சமாகிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மூடாக்கைப் போட்டுவிட்டுப் பழைய வழக்கப்படியே தினமும் ஊற்றிக்கொண்டிருந்தால் அந்த மிச்சம் கைக்கு வராது. மூடாக்கைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த இடத்தைத்தான் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பாத்தியில் ஊற்றும் தண்ணீரில் ஆழத்துக்கு இறங்கிப் போவதை விட்டுவிட்டால், மீதி இரண்டு வழியாகச் செலவாகிறது. செடி வேரால் உறிஞ்சி இலை வழியாக வெளியே விடுகிறது. மண்ணின் மேற்பரப்பிலிருந்து நேரடியாகவும் ஆவியாகிறது. மூடாக்கால் குறைவது இந்த இரண்டாவது செலவு மட்டுமே. செடி குடிக்கும் தண்ணீரை அது குறைப்பதில்லை, குறைக்கவும் கூடாது.

ஈரமான வெற்று மண்ணில் வெயில் படும்போது மேற்பரப்பு சூடாகி நீர் ஆவியாகிறது. அந்த ஆவியைக் காற்று உடனே தள்ளிக்கொண்டு போவதால் அடுத்த ஆவிக்கு இடம் கிடைக்கிறது. மேலே காயக் காய, மண் துகள்களின் நுண்ணிய இடுக்குகள் வழியாகக் கீழே உள்ள ஈரம் மேலே ஏறி வருகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல இது நிற்காமல் நடக்கும். மேலே வைக்கோல் இருந்தால் வெயில் மண்ணைத் தொடாது, காற்றும் மண்ணோடு உரசாது. அதைவிட முக்கியம், ஏறி வரும் ஈரம் மண்ணின் மேற்பரப்போடு நின்றுவிடும். வைக்கோல் தண்டுகளுக்கு இடையே பெரிய பெரிய காற்று இடைவெளிகள் இருப்பதால் நீர் அதற்குள் திரவமாக ஏற முடியாது. ஆவியாக மாறி, அசையாமல் நிற்கும் காற்றின் வழியாக மெல்லக் கசிந்துதான் வெளியேற வேண்டும். அதனால்தான் இறுக்கி அமுக்கிய மூடாக்கைவிட உதிரியாகக் கிடக்கும் மூடாக்கு ஈரத்தை நன்றாகக் காக்கிறது.

எவ்வளவு மிச்சமாகும் என்பதை ஒரு பாத்தியை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் அது 1 லிட்டர். 10 சதுர மீட்டர் தக்காளிப் பாத்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெயில் காலத்தில் ஈரமான மண்ணும் செடியும் சேர்ந்து ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் இழக்கின்றன என்று வைத்தால், அது 50 லிட்டர். நாற்று நட்ட புதிதில் இலைகள் தரையில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மறைத்திருக்கும். அப்போது சுமார் 10 லிட்டர் செடிக்குப் போகும். மீதி 40 லிட்டர், மேல் மண் ஈரமாக இருக்கும்வரை, சும்மா காற்றில் போகும். தரையில் ஒவ்வொரு 10 சதவீதத்தையும் சருகு, வைக்கோல் மூடாக்கு மறைக்கும்போது மண் ஆவியாதலில் சுமார் 5 சதவீதத்தைக் குறைத்துக் கணக்கிடலாம் என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1998-ல் வெளியிட்ட பாசனக் கையேடு சொல்கிறது. முழுவதும் மூடினால் பாதி குறையும். அதாவது 40 லிட்டர் 20 ஆகிவிடும், மொத்தத் தேவை 50-லிருந்து 30-க்கு இறங்கும்.

அதே பாத்தி இரண்டு மாதம் கழித்து அடர்ந்து நிற்கும்போது கதை வேறு. இலைகளே தரைக்கு நிழல் கொடுத்துவிடும். செடி 45 லிட்டர் குடித்தால் மண்ணிலிருந்து போவது 5 லிட்டர்தான் இருக்கும். அதில் பாதியைத் தடுத்தாலும் பெரிய மிச்சமில்லை. ஆகவே தண்ணீருக்காகத்தான் மூடாக்கு என்றால், அதைப் போட வேண்டிய நேரம் நாற்று வேர்பிடித்த உடனே. செடி வளர்ந்த பிறகு மெதுவாகப் போட்டுக்கொள்ளலாம் என்று விடுபவர்கள், அதிக லாபம் தரும் வாரங்களை இழந்துவிடுகிறார்கள்.

சரி, இப்போது தண்ணீர் பாய்ச்சும் முறைக்கு வருவோம். 10 சதுர மீட்டரில் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு உதிரியாகப் பரப்ப, சுமார் 10 கிலோ காய்ந்த வைக்கோல் பிடிக்கும். காய்ந்த வைக்கோல் தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைத் தாராளமாகப் பிடித்துக்கொள்ளும். பூவாளியால் மேலே 20 லிட்டரைத் தெளித்தால் அதில் பெரும்பகுதி வைக்கோலிலேயே தங்கிவிடும். மறுநாள் வெயில் அதை எடுத்துக்கொள்ளும், வேருக்கு அதிகம் போய்ச் சேராது. லேசான தூறலுக்கும் இதே நிலைதான். மூடாக்குப் போட்டும் செடி வாடுகிறது என்று யாராவது சொன்னால், எப்படி ஊற்றுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தெளிப்பவர்களாக இருப்பார்கள்.

நான் செய்வது இதுதான். பாத்தியை முதலில் நன்றாக நனைத்து, தண்ணீர் ஒரு சாண் ஆழத்துக்கு இறங்கிய பிறகே வைக்கோலைப் பரப்புகிறேன். காய்ந்த மண்ணின் மேல் மூடாக்குப் போட்டால் அந்த வறட்சியைத்தான் மூடிவைத்ததாக ஆகும். சொட்டுநீர்க் குழாய் இருந்தால் அதை மண்ணின் மேல் வைத்து, அதற்கு மேலே வைக்கோலைப் போடுகிறேன். குழாய் இல்லாத பாத்தியில் தூருக்குப் பக்கத்தில் வைக்கோலை விலக்கி, மண்ணில் நேராக ஊற்றுகிறேன். தினமும் 50 லிட்டர் என்பதற்குப் பதிலாக மூன்று நாளுக்கு ஒருமுறை 90 லிட்டர். ஊற்றும் தடவைகள் குறைவதால் மேல் மண் நனையும் தடவைகளும் குறைகின்றன. மணல் அதிகமுள்ள மண்ணாக இருந்தால் அவ்வளவு தண்ணீர் நிற்காது. அங்கே 60 லிட்டரை இரண்டு நாளுக்கு ஒருமுறை கொடுப்பதே சரி.

நாள் கணக்கை மட்டும் நம்பவும் மாட்டேன். வைக்கோலை விலக்கி, விரல் நீளத்துக்குத் தோண்டி, அந்த ஆழத்து மண்ணை ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பார்ப்பேன். உருண்டையாக நின்றால் இன்னும் காத்திருக்கலாம். உதிர்ந்தால் பாய்ச்ச வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டி, புளித்த வாடை வந்தால் தண்ணீர் அளவுக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். களிமண்ணில் மூடாக்குப் போட்டவர்களுக்கு வறட்சியைவிட இந்தக் கடைசி ஆபத்துதான் அதிகம். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, கீழே வேர் மூச்சுமுட்டிக் கிடக்கும். தொடர் மழை பெய்யும் நாட்களில் களிமண் பாத்திகளில் வைக்கோலைப் பாதியாகக் குறைத்துவிடுகிறேன்.

மூடாக்கின் பலன் எங்கே தேய்ந்து போகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மழையும் பாசனமும் இல்லாமல் நீண்ட நாள் காய்ந்தால், வெற்று மண்ணிலும் மேலே சில சென்டிமீட்டர் முழுதாகக் காய்ந்து, அதுவே ஒரு மூடி போல ஆகிவிடுகிறது. அதன் பிறகு ஆவியாதல் தானாகவே குறையும். மானாவாரி விவசாயிகள் மேல் மண்ணைக் கிளறிப் புழுதியாக்கி விடுவதற்கும் இதுதான் காரணம். ஆகவே நீண்ட வறட்சியின் முடிவில் மூடிய பாத்தியிலும் மூடாத பாத்தியிலும் ஆழத்து ஈரத்தை ஒப்பிட்டால், நாம் எதிர்பார்க்கும் அளவுக்கு வித்தியாசம் இருக்காது. அடிக்கடி நனையும் மண்ணில்தான் மூடாக்கு அதிகம் உழைக்கிறது. காய்கறிப் பாத்தி, தொட்டிச் செடி, நாற்றங்கால் எல்லாம் அந்த வகை.

கனத்தைப் பொறுத்தவரை, வைக்கோலுக்கு 8 முதல் 10 சென்டிமீட்டர் போதும். சில வாரங்களில் படிந்து பாதியாகிவிடும், அப்போது மேலே இன்னொரு அடுக்கு போட வேண்டும். பச்சைப் புல்லை வெட்டிய உடனே கனமாகக் கொட்டினால் சூடாகி, நைந்து, தண்ணீர் இறங்காத பாய் போல ஆகிவிடும். அதை இரண்டு விரல் கனத்துக்கு மேல் போடக் கூடாது, ஒரு அடுக்கு காய்ந்த பிறகே அடுத்தது. எதைப் போட்டாலும் தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விட வேண்டும். தண்டோடு ஒட்டி ஈரமாகவே கிடந்தால் தூர் அழுகும், நத்தையும் அங்கேதான் ஒளியும். நேரடியாக விதைத்த பாத்தியில் முளை வெளியே வந்து நாலைந்து இலை விடும்வரை மூடாக்கே வேண்டாம்.

வைக்கோல் போட்டால் செடிக்குத் தழைச்சத்து குறைந்துவிடும் என்ற பயம் பாதி உண்மை. வைக்கோலும் மரச்சில்லும் மட்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொள்கின்றன. மேலே பரப்பிக் கிடக்கும்வரை அது மண்ணைத் தொடும் மெல்லிய அடுக்கில் மட்டுமே நடக்கும், ஆழத்து வேருக்குப் பாதிப்பு அதிகமில்லை. மண்ணுக்குள் கொத்திக் கலந்தால்தான் சிக்கல். அடி இலைகள் முதலில் ஒரே சீராக வெளிறி மஞ்சளாகி, செடி வளராமல் நிற்பது அதன் அடையாளம்.

வேறொரு பிரச்சினையும் உண்டு, அது கொஞ்சம் மறைவானது. சில களைக்கொல்லிகள் தெளித்த வயலின் வைக்கோலிலும் புல்லிலும் அந்த மருந்து மாதக்கணக்கில் தங்கியிருக்கும். தக்காளி, பீன்ஸ் போன்றவற்றின் குருத்து இலைகள் சுருண்டு கிண்ணம் போல மடங்கினால் இதையும் சந்தேகிக்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத வைக்கோலைப் பாத்தியில் போடுவதற்கு முன், அதைக் கொஞ்சம் நறுக்கித் தொட்டி மண்ணில் கலந்து பீன்ஸ் விதை போட்டுப் பார்க்கிறேன். பக்கத்தில் வெறும் மண்ணில் இன்னொரு தொட்டி. இரண்டு மூன்று வாரத்தில் இரண்டு தொட்டியிலும் இலைகள் ஒரே மாதிரி விரிந்தால்தான் பாத்திக்குப் போகும்.

பிளாஸ்டிக் தாள் ஆவியாதலை இன்னும் அதிகமாகத் தடுக்கும் என்பது உண்மைதான், பெரிய வயலுக்கு வேலையும் குறைவு. ஆனால் மழைநீர் துளைகள் வழியாக மட்டுமே உள்ளே போகும், அடியில் சொட்டுநீர் இல்லாமல் அதைப் போடவே முடியாது. கிழிந்த துண்டுகளை மண்ணிலிருந்து பொறுக்குவதும் லேசான வேலை இல்லை. என் பாத்திகளுக்கு அதை நான் விரும்புவதில்லை.

தொடர்ந்து வைக்கோல் போட்டதில் நான் கண்ட பெரிய மாற்றம் மழை பெய்யும்போது தெரிகிறது. வெற்று மண்ணில் கனத்த துளிகள் விழுந்து துகள்களைச் சிதறடித்து, மேலே ஒரு பொருக்கு கட்டும். அடுத்த மழை அதன் மேல் வழிந்தோடிவிடும். மூடிய பாத்தியில் துளியின் வேகத்தை வைக்கோல் வாங்கிக்கொள்கிறது. அடியில் மண்புழுக்கள் போட்ட துளைகளும் திறந்தே இருப்பதால் தண்ணீர் நின்று இறங்குகிறது. அதனால் பருவம் முடிந்ததும் மட்காத வைக்கோலை நான் உழுது புதைப்பதில்லை. ஓரமாக ஒதுக்கி, செடிகளைத் தரையோடு வெட்டி வேரை மண்ணிலேயே விட்டுவிட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் குழி எடுத்து அடுத்த நாற்றை நடுகிறேன். தண்ணீர் விட்டபின் ஒதுக்கிய வைக்கோல் அதே இடத்துக்குத் திரும்புகிறது, குறைந்த அளவுக்குப் புதியதும் சேர்கிறது. நோய் வந்த செடிகள் நின்ற பாத்தியின் வைக்கோலை மட்டும் திரும்பப் போடாமல் வெளியே எடுத்துவிடுகிறேன்.