காரில் வாந்தி எடுக்கும் நாய்: பழக்குவதா, மாத்திரை தருவதா?

காரில் ஏற்றினாலே எச்சில் ஒழுக்கி வாந்தி எடுக்கும் நாய்க்குப் பொதுவாக மூன்று வழிகளைச் சொல்கிறார்கள். படிப்படியாகப் பழக்கலாம், வாந்தியைத் தடுக்கும் மாத்திரை தரலாம், மந்தமாக்கும் மருந்து கொடுத்துப் படுக்க வைக்கலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை ஒரு சின்னச் சோதனை பெரும்பாலும் சொல்லிவிடும்.

எஞ்சினை அணைத்து, கதவைத் திறந்து, நாயைக் காரின் அருகே கூட்டிப் போங்கள். அங்கேயே நடுங்கினால், பின்வாங்கினால், எச்சில் வடிந்தால் அது பயம். வண்டி அசையவே இல்லை என்பதால் குமட்டலை அசைவின் மேல் போட முடியாது. நிம்மதியாக ஏறி உட்கார்ந்து, வண்டி கிளம்பிய சில நிமிடங்களில் உதட்டை நக்கி, கொட்டாவி விட்டு, அடிக்கடி விழுங்கத் தொடங்கினால் அது பயணக் குமட்டல். குட்டிகளிடம் இது அதிகம். வளர வளரப் பல நாய்களுக்குத் தானாகவே விட்டுப்போகும். ஆனால் அதற்குள் பலமுறை வாந்தி எடுத்த குட்டிக்குக் காரே பயமாகிவிடக்கூடும். வயிறு சரியான பிறகும் அந்தப் பயம் நிற்கும்.

பயம் மட்டும் இருந்தால் பழக்குவதே சிறந்தது. குமட்டல் மட்டும் என்றால் மாத்திரை போதும். நாய்களின் பயண வாந்தியைத் தடுக்க அங்கீகரிக்கப்பட்ட மருந்து மரோபிடன்ட். மூளையில் வாந்தியைத் தூண்டும் செய்தியை அது தடுக்கிறது, நாயைத் தூங்க வைப்பதில்லை. பயணத்துக்குச் சுமார் 2 மணி நேரம் முன்பு தர வேண்டும். சாதாரண வாந்திக்குத் தரும் அளவைவிடப் பயணத்துக்கான அளவு பல மடங்கு அதிகம். அதனால் முன்பு வயிற்றுக் கோளாறுக்கு வாங்கி மிச்சமான மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று சொல்லக்கூடாது. எடை பார்த்து மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும். ஒரு குறையும் உண்டு: வாந்தி நின்றாலும் குமட்டல் உணர்வு கொஞ்சம் மிஞ்சலாம். எச்சில் தொடர்ந்தால் அதுவாக இருக்கலாம்.

மூன்றாவது வழி எனக்கு ஏற்பில்லை. அசெப்ரோமசின் போன்ற மருந்து உடலை மந்தமாக்கும், பயத்தை அப்படியே விட்டுவிடலாம். நாய் அசையாமல் கிடப்பதைப் பார்த்து நாம் நிம்மதியடைவோம், அதற்குள்ளே பயம் ஓடிக்கொண்டிருக்கும். பயம் கடுமையாக இருந்தால் ட்ரசோடோன் போன்ற, பதற்றத்தையே குறைக்கும் மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

சரி, இரண்டும் கலந்திருந்தால்? காரைக் கண்டாலே எச்சில் ஒழுக்கி, கிளம்பிப் பத்து நிமிடத்தில் வாந்தி எடுக்கும் மூன்று வயது நாய் என்று வைத்துக்கொள்வோம். இதைப் பழக்குவதால் மட்டும் சரிசெய்வது கடினம். நின்ற காரில் சேர்த்த நம்பிக்கையை முதல் குமட்டலே அழித்துவிடும். மாத்திரை மட்டும் தந்தாலும் பயம் மாறாது. இரண்டும் வேண்டும், வரிசையாக.

முதலில் எல்லாப் பயணத்தையும் நிறுத்துங்கள். நின்ற காரின் இருபுறக் கதவுகளையும் திறந்து வைத்து, சாப்பாட்டுக் கிண்ணத்தைக் காரின் பக்கத்தில் வையுங்கள். பிறகு வாசல் விளிம்பில், அப்புறம் இருக்கையில். நாய் விரும்பும்போது இறங்கிப்போக வழி இருக்க வேண்டும். நிதானமாகச் சாப்பிட்டால் கதவை மூடிப் பார்க்கலாம், அடுத்து எஞ்சினை மட்டும் ஓடவிடலாம். எப்போதும் ஆசையாகத் தின்னும் தீனியை மறுக்கிறதா? அந்தப் படி அதிகமாகிவிட்டது, முந்தைய படிக்குத் திரும்புங்கள்.

வண்டி நகரும் கட்டம் வந்ததும் மாத்திரை சேர்கிறது. பயண அளவில் இதைத் தொடர்ந்து 2 நாட்களுக்கு மேல் தரக்கூடாது என்பதால் நகரும் பயிற்சியை வாரத்தில் ஓரிரு நாளுக்கு ஒதுக்கி, மற்ற நாட்களில் நின்ற காரிலேயே பழக்குங்கள். முதலில் தெருமுனை வரை போய்த் திரும்பினால் போதும். ஓடும் காரில் தீனி தராதீர்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். தின்றதும் குமட்டல் வந்தால் நாய் அந்தத் தீனியையே வெறுத்துவிடும், உங்கள் கையில் இருந்த பரிசும் போய்விடும். இறங்கியதும் கொடுங்கள், அல்லது பிடித்த இடத்தில் நடக்க விடுங்கள். தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, உதடு நக்கல்கூட இல்லாத பயணங்கள் சில தொடர்ந்து அமைந்த பிறகு, குறுகிய தூரத்துக்கு மட்டும் மாத்திரை இல்லாமல் போய்ப் பாருங்கள்.

காரில் ஏறாத நாட்களிலும் வாந்தி வந்தால், தலை ஒருபக்கம் சாய்ந்தால், தள்ளாடினால், காதிலோ வேறெங்கோ கோளாறு இருக்கலாம். அப்போது இந்தப் பயிற்சிகளைத் தள்ளிவைத்து முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.